தென்மேற்கு மூலை டேங்கும் 12 டிகிரிச் சாய்வும்: வேலூர் மொட்டை மாடியில் சோலார்

"சார், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு. 3 கிலோவாட் சோலார் போட மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 12 டிகிரி சாய்வு போதும் என்கிறார். இன்னொருவர் 25 டிகிரி வைத்தால்தான் கரண்ட் வரும் என்கிறார். மூன்றாமவர் படுக்கையாகவே போட்டுவிடலாம் என்கிறார். வீடு நேர் தெற்கு பார்த்தும் இல்லை, மேற்குப் பக்கம் ஒரு 25 டிகிரி திரும்பியிருக்கிறது. மாடி 24க்கு 36 அடி. தென்மேற்கு மூலையில் தண்ணீர் டேங்க். எந்தத் திசை, எவ்வளவு சாய்வு?"

சாய்வு 10 முதல் 12 டிகிரி வையுங்கள். வீட்டின் தெற்குச் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ பேனலும் அந்தப் பக்கமே பார்க்கட்டும். நேர் தெற்கு வேண்டும் என்று மாடியில் கோணலாகத் திருப்ப வேண்டாம். இந்த இரண்டிலும் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பெரிய நஷ்டம் இல்லை. கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே ஒரு டேங்க், உங்கள் யூனிட்டை அதிகம் தின்னப்போவது அதுதான். அதற்கு வருவதற்கு முன் சாய்வுக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் டேங்க் நிழலும் அதே கணக்கிலிருந்துதான் வருகிறது.

வேலூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 12.9 டிகிரியில் இருக்கிறது. இந்த ஒரு எண் தெரிந்தால் வருடம் முழுக்க உச்சிவேளைச் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. அன்று நமக்கு உச்சியில் அதன் உயரம் 90 − 12.9, அதாவது 77 டிகிரி, தெற்குப் பக்கம். டிசம்பர் 21இல் அது இன்னும் 23.4 டிகிரி தெற்கே போய்விடும், உயரம் 53.7 டிகிரிக்கு இறங்கிவிடும். ஜூன் 21இல் 23.4 டிகிரி வடக்கே வந்துவிடும். அப்போது அதே கணக்கைப் போட்டால் 100.5 வரும். 90ஐத் தாண்டிவிட்டது என்றால் சூரியன் நம் தலையைக் கடந்து வடக்குப் பக்கம் பத்தரை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று பொருள்.

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் வேலூருக்கு நேர் உச்சியில் வருகிறது. அன்று நட்ட கம்புக்கு உச்சியில் நிழல் இருக்காது; பள்ளிகளில் நிழலில்லா நாள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். மறுபடி ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை. இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதமும் நமக்கு உச்சிவெயில் வடக்கேயிருந்து வருகிறது. நம் ஜவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறார்களே, அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், இவ்வளவு தெற்கே இருந்தால் வட வானத்தோடு தென் வானத்திலும் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டும் என்பது. சோலாருக்கும் அந்தப் பலன் நமக்கு இருக்கிறது. சூரியன் இரண்டு பக்கமும் போய்வருகிறது, எந்தப் பக்கமும் அதிக தூரம் போவதில்லை.

இனி பேனல் என்ன செய்கிறது என்று பாருங்கள். சூரியன் பேனலுக்கு நேர் எதிரே நின்றால் நேர்வெயில் முழுதும் விழும். விலகினால் குறையும், ஆனால் முதலில் மெதுவாகத்தான் குறையும். 20 டிகிரி விலகினால் நூற்றுக்கு 6தான் போகிறது. 40 டிகிரி விலகினால் 23 போகிறது. சாய்வைப் பற்றிய சண்டை எல்லாம் இந்த முதல் 20 டிகிரிக்குள் நடப்பதால்தான், யார் சொல்வது சரியென்றாலும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

உங்களிடம் மூன்று பேர் சொன்ன மூன்று கோணங்களையும் இதில் போட்டுப் பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க, பேனல் நேர் தெற்கு பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். உச்சிவேளை நேர்வெயில் 100 என்றால், படுக்கையாகப் போட்ட பேனல் டிசம்பரில் 81ஐ வாங்கும், ஜூனில் 98ஐ வாங்கும். 12 டிகிரி சாய்த்தால் டிசம்பரில் 91, ஜூனில் 92. 25 டிகிரி சாய்த்தால் டிசம்பரில் 98, ஜூனில் 81.

படுக்கைக்கும் 25 டிகிரிக்கும் உள்ள எண்கள் கண்ணாடியில் பார்த்தது போலத் தலைகீழாக இருக்கின்றன. ஒன்று மழைக்காலத்தில் இழப்பதை மற்றது கோடையில் இழக்கிறது. அதனால் ஆண்டுக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 12 டிகிரியை விட நூற்றுக்கு 2 அல்லது 3 குறைவாகத்தான் முடியும். சாய்வு ஊரின் அட்சரேகை அளவுக்கு இருக்கட்டும் என்ற பழைய விதி இதிலிருந்து வந்ததுதான். 3 கிலோவாட் நம் பக்கம் நல்லபடியாக இருந்தால் ஒரு நாளைக்குச் சராசரி 12 யூனிட், வருடத்துக்கு 4,300 யூனிட் சுமாருக்குக் கொடுக்கும். அதில் நூற்றுக்கு இரண்டரை என்றால் 110 யூனிட் சுமார். இரண்டு மாத பில் ஒன்றுக்கு 18 யூனிட். 25 டிகிரி வைத்தால்தான் கரண்ட் வரும் என்பது அதனால் தவறு. படுக்கையாகப் போட்டால் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு.

25 எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அகமதாபாத் 23 டிகிரியில் இருக்கிறது, டெல்லி 28.6இல். அங்கே வேலை கற்றவருக்கு, அல்லது அங்கே தயாரான ஸ்டாண்டை வாங்கி வைத்திருப்பவருக்கு அந்தக் கோணம் சரிதான். இங்கே அதை வைத்தால் மூன்று விதத்தில் இடிக்கும். ஒன்று, காற்று. சித்திரை வைகாசியில் வெயில் தாங்காமல் மாலையில் திடீரென்று ஒரு சூறைக்காற்று கிளம்புமே, அது பேனலின் பின்பக்கம் புகுந்து தூக்கும். சாய்வு கூடக் கூட அந்தத் தூக்கும் விசையும் கூடும், ஸ்டாண்டுக்கு அதிக இரும்பும் அடியில் அதிக கான்கிரீட்டும் வேண்டும். இரண்டு, இடம். முன்வரிசையின் பின்விளிம்பு உயர்ந்தால் பின்வரிசையின் மேல் நிழல் விழும். இப்போது வருகிற 540 வாட் பேனல் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம் சுமார். அதை நீளவாக்கில் 25 டிகிரி நிறுத்தினால் பின்விளிம்பு 3 அடிக்கு மேல் எழும். 12 டிகிரியில் ஒன்றரை அடிதான். வேலூரில் இதற்கு ஒரு சுலபமான அளவு உண்டு. நேர் தெற்கு பார்த்த வரிசைகளுக்கு, டிசம்பரில் காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழாமல் இருக்க, எவ்வளவு உயரம் எழுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி வேண்டும். உங்கள் வீடு போல 25 டிகிரி திரும்பியிருந்தால், சாயங்கால வெயில் வரிசைக்கு எதிரே வந்துவிடுவதால் அதில் பாதியைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கோடைக்கால பில். உங்கள் வீட்டில் ஏசி ஓடுவது பெரும்பாலும் மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரைதான் இருக்கும். வீட்டு மின்கட்டணம் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற படிக்கட்டு முறை. மேல்படியில் தொடுகிற மாதங்களில் வருகிற சோலார் யூனிட்டுக்கு மதிப்பு அதிகம். 25 டிகிரி அந்த மாதங்களில்தான் இழக்கிறது. அது சம்பாதித்துக் கொடுப்பதாகச் சொல்லும் நவம்பர், டிசம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. வானம் மூடியிருக்கும் நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சிதறி வருவதால் சாய்த்த பேனலுக்குத் தனி ஆதாயம் எதுவும் கிடைப்பதில்லை. இந்த இரண்டு காரணத்துக்காகவே நான் 12ஐ விட 10 பக்கம் சாய்வேனே தவிர 15 பக்கம் போகமாட்டேன்.

அப்படியானால் மூன்றாமவர் சொல்வது போலப் படுக்கையாகவே போட்டால் என்ன? கோணக் கணக்கில் பெரிய தப்பில்லை. தூசியில்தான் தப்பு. பேனலைச் சுற்றி அலுமினிய ஃபிரேம் கண்ணாடியை விட இம்மி மேலே நிற்கும். சாய்வு குறைவாக இருந்தால் மழைத்தண்ணீர் கீழ்விளிம்பில் ஃபிரேமை ஒட்டித் தேங்கும், வற்றும்போது மண்ணை அங்கேயே விட்டுப்போகும். சில மாதங்களில் விரல் அகலத்துக்கு ஒரு மண் கோடு படிந்துவிடும். அந்தக் கோட்டுக்கு அடியில் இருப்பது கடைசி வரிசை செல்கள். செல்கள் தொடராகக் கோர்க்கப்பட்டிருப்பதால் அந்த ஒரு வரிசை மறைந்தாலும் அதோடு சேர்ந்த கூட்டமே மட்டுப்படும். வறண்ட பாலாற்று மணலும் குவாரித் தூசியும் பறக்கிற ஊர் இது, தை முதல் சித்திரை வரை கழுவி விடுகிற மழையும் அதிகம் கிடையாது. 10 டிகிரி இருந்தால் தண்ணீர் ஃபிரேமைத் தாண்டி வழிந்துவிடும். 10க்குக் கீழே போகாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இனி திசை. வீடு 25 டிகிரி மேற்கே திரும்பியிருக்கிறது என்று கவலைப்படுகிறீர்கள். சாய்வு குறைவாக இருக்கும்போது திசைக்கு அதிகாரம் குறைவு. மேசையில் ஒரு புத்தகத்தைப் படுக்கையாக வைத்து எந்தப் பக்கம் திருப்பினாலும் அது பார்ப்பது கூரையைத்தான். லேசாகச் சாய்த்து வைத்த புத்தகமும் பெரும்பாலும் கூரையைத்தான் பார்க்கிறது. எண்ணாகச் சொன்னால், 12 டிகிரிச் சாய்வை 25 டிகிரி திருப்பினால் தெற்கு நோக்கி மீதமிருக்கும் சாய்வு 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. போவது ஒரு டிகிரி. ஆண்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்று கூடக் குறையாது. அதற்காகப் பேனலைக் கைப்பிடிச் சுவருக்குக் கோணலாக வைத்தால் ஓரங்களில் முக்கோணம் முக்கோணமாக இடம் வீணாகும், நடக்க வழி இருக்காது, ஸ்டாண்டின் கால்களும் கீழே பீம் ஓடுகிற வரிசையில் உட்காராது.

ஒரு சின்ன வித்தியாசம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பிய வீடுகள் என்றால் வேலூரில் தென்கிழக்கு தென்மேற்கை விடச் சற்று மேல். நமக்குக் கோடையிலும் ஆடி ஆவணியிலும் மேகம் திரள்வது பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு. காலையில் பேனல் சூடும் குறைவு. சூடு ஏற ஏற பேனலின் சக்தி ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு போலக் குறைகிறது, மே மாத மதியத்தில் கண்ணாடி 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஆனால் ஊருக்குக் கிழக்கே மலை அடிவாரத்தில் வீடு இருந்து, சூரியன் மலைக்கு மேல் ஏறவே ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் அந்த ஆதாயம் கழிந்துவிடும். உங்கள் 12 டிகிரிச் சாய்வில் இதெல்லாம் சில்லறை.

ஓட்டு வீடும் ஷீட் கூரையும் வைத்திருப்பவர்கள் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள், சரிவு கிழக்கும் மேற்குமாக இருக்கிறதே என்று. 10 டிகிரிச் சரிவு என்றால் கிழக்கோ மேற்கோ, நேர் தெற்கை விட நூற்றுக்கு 3 போலத்தான் குறையும். இரண்டு சரிவிலும் போட்டால் அவற்றை ஒரே கம்பித் தொடரில் இணைக்காமல் இருந்தால் போதும், ஏனென்றால் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் மற்றதை இழுத்துப் பிடிக்கும். வடக்குச் சரிவு கூட நம் ஊரில் ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை; 10 டிகிரிக்கு நூற்றில் 5 முதல் 8 வரை இழப்பு. டெல்லியில் அதே வடக்குச் சரிவுக்கு இழப்பு இதைவிட வெகுவாகக் கூடிவிடும்.

தெற்கு எது என்று கண்டுபிடிப்பதில் ஒரு எச்சரிக்கை. மாடியில் போனை வைத்துத் திசைகாட்டி பார்க்கிறார்கள். தளத்துக்குள்ளும் தூணுக்குள்ளும் கம்பி, பக்கத்தில் ஸ்டாண்டு இரும்பு. ஊசி 15, 20 டிகிரி தாராளமாகத் தவறும். உங்கள் 25 டிகிரி போனில் பார்த்ததா என்று யோசியுங்கள். இன்னொரு தவறு, 12 மணிக்கு விழும் நிழல் வடக்கு என்று எடுத்துக்கொள்வது. முதலில், நமக்கு உச்சிவேளை 12 மணி இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு ரேகைக்கானது, வேலூர் 79.1இல் இருக்கிறது, அதனால் சராசரி உச்சி 12.13க்கு. வருடத்தில் அது நவம்பர் தொடக்கத்தில் 11.57 வரை முன்னே வரும், பிப்ரவரியில் 12.28 வரை பின்னே போகும். இரண்டாவது, மே முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சி நிழல் தெற்கே விழும். அதை வடக்கு என்று நினைத்தால் பேனல் முழுக்கத் திரும்பிவிடும்.

கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு நட்டுத் திசை பார்க்கிற முறை எல்லா மாதத்துக்கும் பொருந்தும், கடிகாரமும் வேண்டாம். மாடியில் மூன்றடிக் கம்பு ஒன்றைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நிறுத்துங்கள். காலை 10 மணி சுமாருக்கு நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்து, கம்பை மையமாக வைத்து அந்த நீளத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். நிழல் உச்சி வரை சுருங்கிப் பிறகு நீளும். மதியம் இரண்டரை மணி வாக்கில் நுனி மறுபடி அந்த வட்டத்தைத் தொடும்போது குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் அதுதான் கிழக்கு மேற்குக் கோடு. கைப்பிடிச் சுவர் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் வீட்டின் திருப்பம்.

இப்போது டேங்குக்கு வருகிறேன். கன்னி மூலை உயரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும் என்று நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் டேங்கைத் தென்மேற்கில் ஏற்றிவிடுகிறார்கள். மாடிப்படி அறையும் பல வீடுகளில் அதே பக்கம். சோலாருக்கு வெயில் வர வேண்டிய பக்கமும் அதுவே. சாய்வில் தவறினால் நூற்றுக்கு 2 போகிறது. ஒரு டேங்கின் நிழல் மழைக்கால மாதங்களில் தினமும் மதியத்துக்குப் பிறகு வருவதில் பெரும்பகுதியை எடுத்துவிட முடியும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வீட்டுக்காரரின் செலவில், அதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. குடியாத்தத்தில் ஒரு வீட்டுக்கு மே மாதம் பேனல் போட்டேன். மாடிப்படி அறைக்கு வடகிழக்கே நல்ல அகலமான இடம். இரண்டு நாள் காலையிலிருந்து மாலை வரை மாடியிலேயே நின்று பார்த்தேன்; அறையின் நிழல் பேனல் வைக்கப்போகும் இடத்தின் பக்கமே வரவில்லை. வரவும் வராது, ஏனென்றால் மே மாதச் சூரியன் வடக்கே இருந்தது, நிழல் தெற்கேயும் கிழக்கேயும் விழுந்துகொண்டிருந்தது. ஐப்பசி பிறந்ததும் அந்த வீட்டுக்காரர் போன் செய்தார். மழை இல்லாத நாளிலும் யூனிட் குறைகிறது என்றார். போய்ப் பார்த்தால் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் அறையின் நிழல் இரண்டு பேனல்களின் மேல் ஏறியிருந்தது. ஸ்டாண்டைப் பிரித்து ஒன்பது அடி தள்ளிப் போட்டோம். அன்றிலிருந்து எந்த மாதத்தில் போனாலும் டிசம்பர் நிழலைக் கணக்கிட்டு அளந்து கோடு போட்ட பிறகுதான் துளை போடுகிறேன்.

அந்தக் கணக்கு உங்கள் மாடிக்கு இப்படி வரும். டேங்கின் உச்சி தளத்திலிருந்து 10 அடி என்று வைத்துக்கொள்கிறேன். அளந்து பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பேனலின் கீழ்விளிம்பு தளத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால், நிழலுக்குக் கணக்கில் வரும் உயரம் மீதி ஏழரை அடிதான். உச்சிக்குப் பிறகு மூன்று மணி நேரம் கழித்து, அதாவது கடிகாரத்தில் 3.10 சுமாருக்கு, டிசம்பர் 21 அன்று சூரியன் 33 டிகிரி உயரத்தில் தென்மேற்கில் இருக்கும். நிழல் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீண்டு வடகிழக்கே போகும். உங்களுக்குப் பதினொன்றரை அடி. மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் அதே வேளை நிழல் ஒரு மடங்கு, ஏறக்குறைய நேர் கிழக்கே, லேசாக வடக்கு ஒட்டி. எட்டடிக்குச் சற்றுக் குறைவு. ஜூனில் ஒரு மடங்குக்கும் கொஞ்சம் குறைவு, கிழக்கிலிருந்து சற்றே தெற்கு ஒதுங்கி, ஏழு அடி. வருடம் முழுக்க டேங்கின் மாலை நிழல் தென்கிழக்கை ஒட்டிய கிழக்கிலிருந்து வடகிழக்கு வரை ஒரு விசிறி போல விரிகிறது. அந்த விசிறிக்குள் பேனல் வரக்கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் வீடு மேற்கே திரும்பியிருப்பதால் இந்த விசிறி சுவரை ஒட்டிப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் மாறும், அது உங்களுக்கு நன்மையாகவே அமைகிறது. டிசம்பர் 3 மணி நிழல் பெரும்பாலும் உங்கள் மேற்குச் சுவரை ஒட்டியே பத்தடி வடக்கே ஓடிவிடும். மாடியின் குறுக்கே உள்ளே வருவது 5 அடிதான். குறுக்கே அதிகம் வருவது ஜூனில், 7 அடி. டேங்க் 4 அடி அகலம் என்றால், மேற்குச் சுவரிலிருந்து அளந்து 4ம் 7ம் சேர்த்து 11 அடி. அங்கே ஒரு அடி கூட விட்டு 12 அடியில் ஒரு நூல் கட்டுங்கள். அதற்குக் கிழக்கே இருக்கும் 12 அடி அகலம் உங்கள் சோலாருக்கு. 540 வாட் பேனல் 6 போட்டால் 3.24 கிலோவாட். மூன்று மூன்றாக இரண்டு வரிசை வைத்தால் ஒரு வரிசையின் அகலம் பதினொன்றேகால் அடி. நூலுக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே சரியாக உட்காரும். தெற்குச் சுவரிலிருந்து 5 அடி விட்டு முதல் வரிசை ஏழரை அடி, இடைவெளி இரண்டேகால் அடி, இரண்டாம் வரிசை ஏழரை அடி. எல்லாம் சேர்ந்து 22 அடி சொச்சம். 36 அடி மாடியில் வடக்கே இன்னும் 13 அடியும், மேற்கே பாதி மாடியும் துணி காயவைக்கவும் வடாம் போடவும் உங்களுக்கு மிச்சம். தெற்கே விடும் அந்த 5 அடி கைப்பிடிச் சுவரின் நிழலுக்கும், கழுவப் போகும்போது நிற்கவும்.

மாடி முழுதும் வேண்டும் என்றால் 8 அடி உயரத்துக்கு ஸ்டாண்டு ஏற்றிப் போடுவதும் ஒரு வழி. அப்போது டேங்க் பேனலை விட 2 அடிதான் உயரம், நிழல் 3 அடியில் முடிந்துவிடும். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். செலவு கூடும், சூறைக்காற்றுக்கு அந்த ஸ்டாண்டு முழு உடம்பையும் கொடுக்கும், ஆகவே கால்கள் தளத்தில் ஒட்டாமல் தூண்களுக்கு மேலே நிற்க வேண்டும். தரையோடு ஒட்டிய ஸ்டாண்டுக்கு இடம் இருக்கும்போது உங்களுக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை. டேங்கை இடம் மாற்றுவதும் வேண்டாம். கன்னி மூலை அப்படியே இருக்கட்டும், பேனல்தான் நகர்கிறதே.

வேலை நடக்கும் அன்று நீங்களே சரிபார்க்க இரண்டு விஷயம். சாய்வுக்குக் கோணமானி தேவையில்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தரையில் 5 அடி என்றால், பின்கால் முன்காலை விட 1 அடி உயரமாக இருக்க வேண்டும். அது 11 டிகிரிக்குச் சற்று மேல். இரண்டு அடிக்கு மேல் இருந்தால் அந்த 25 டிகிரி ஸ்டாண்டு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். மழைத்தண்ணீர் ஓட மாடிக்கு வைத்த வாட்டம் இந்தக் கணக்கில் ஒரு டிகிரி கூட வராது. மற்றது, பேனலுக்கு மேலே டிவி டிஷ், டேங்க் ஓவர்ஃப்ளோ பைப், கொடிக்கம்பம் எதுவும் தெற்கிலும் மேற்கிலும் நிற்கவிடாதீர்கள். மெல்லிய பைப்பின் நிழல்தானே என்று தோன்றும். செல்கள் தொடரில் இருப்பதால் ஒரு செல்லை மறைத்தாலே பேனலில் மூன்றில் ஒரு பங்கு ஒதுங்கிவிடும்.

போட்ட பிறகு இன்வெர்ட்டரின் செயலியில் அன்றன்றைய வரைபடம் வரும். மேகமில்லாத நாளில் அது காலையில் எழுந்து உச்சியில் வளைந்து மாலையில் இறங்கும் வழவழப்பான குன்று. மேகம் அதில் பல்பல்லாக, ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் கடிக்கும். நிழல் அப்படியில்லை, தெளிந்த நாட்களில் தினமும் அதே நேரத்தில் அதே இடத்தில் ஒரு படி இறங்கும், வாரம் போகப் போக அந்தப் படி சில நிமிடம் முன்னேயோ பின்னேயோ நகரும். தூசி குன்றின் உருவத்தை மாற்றாமல் மொத்தமாகத் தாழ்த்தும். கழுவிய மறுநாள் நிமிர்ந்துவிடும். சாய்வில் இரண்டு டிகிரி தவறியதை இந்த வரைபடத்தில் யாராலும் காட்ட முடியாது. ஐப்பசியில் இரண்டு மணிக்குப் பக்கத்தில் ஒரு படி தெரிந்தால் மாடிக்கு ஏறிப் பாருங்கள். டேங்கின் விளிம்போ பைப்போ எந்தப் பேனலில் நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.